கூட்டாளியா, குழுவா, கோச்சா: தவறிய நாள்தான் சொல்லும்

சில வருடங்களுக்கு முன்னால் நானும் ஒரு நண்பரும் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். வாரத்துக்கு நான்கு நாள் ஓட வேண்டும், ஓடி முடித்ததும் ஒருவருக்கொருவர் மெசேஜ் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். முதல் வாரம் நன்றாகப் போனது. இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் அவர், "இன்னைக்கு முடியல, நாளைக்குப் பார்க்கலாம்" என்று எழுதினார், நான் "பரவாயில்லை" என்றேன். இரண்டு நாள் கழித்து நான் ஓடவில்லை, அவர் "பரவாயில்லை" என்றார். நான்காவது வாரத்தில் யாரும் யாருக்கும் எதுவும் அனுப்பவில்லை. சண்டை இல்லை, மனக்கசப்பு இல்லை, ஓட வேண்டும் என்ற ஆசையும் இருவருக்கும் அப்படியே இருந்தது. ஆனால் அந்த ஏற்பாடு செத்துவிட்டது.

அதே சமயத்தில் என் அக்கா ஒரு தொழில்முறைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தோழி தினமும் இரவு ஒன்பது மணிக்கு "இன்னைக்கு எத்தனை பக்கம்?" என்று கேட்பாள். பத்து நாளில் அக்கா எரிச்சலின் உச்சத்துக்குப் போய்விட்டாள். "அவ கேக்குறதுக்கு முன்னாடி நல்லாத்தான்டா படிச்சேன். கேக்க ஆரம்பிச்சதும் புத்தகத்தைத் தொடவே பிடிக்கல" என்றாள். என்னையும் என் நண்பரையும் போலக் கேள்வியே இல்லாமல் போனதால் அவள் விடவில்லை, கேள்வி வந்ததால்தான் விட்டாள்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. கணக்குக் கேட்கும் கூட்டாளியாகிய அக்கவுண்டபிலிட்டி பார்ட்னர், பலர் சேர்ந்து செய்யும் குரூப் சேலஞ்ச், காசு கொடுத்து வைக்கும் கோச் என்ற மூன்றில் எது சிறந்தது என்று கேட்பதே தவறான கேள்வி. மூன்றும் மூன்று வெவ்வேறு கோளாறுகளைச் சரிசெய்பவை. உங்களுக்கு எந்தக் கோளாறு என்பது செய்துமுடித்த நாளில் தெரியாது, செய்யாமல் விட்ட நாளில்தான் தெரியும். அன்றைக்கு நீங்கள் ஒளிந்துகொள்கிறீர்களா, முறைத்துக்கொள்கிறீர்களா, ஒருவரையொருவர் மன்னித்துக்கொள்கிறீர்களா, அல்லது உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு அடுத்த வாரமும் அதே இடத்தில் வழுக்குகிறீர்களா என்பதைப் பாருங்கள். கலகலப்பானவரா, அமைதியானவரா என்று பார்த்து முடிவுசெய்வதைவிட இது நம்பகமானது. நாலு பேரோடு சிரித்துப் பேசுகிற பலர், ஒரு நாள் தவறியதும் குழுவின் மெசேஜ்களைத் திறக்கவே மாட்டார்கள்.

முதலில் கூட்டாளியை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இதற்குக் காசு வேண்டாம், அதனாலேயே அதிகம் பேர் இதில்தான் தொடங்குகிறார்கள், அதிகம் பேர் இதில்தான் கைவிடுகிறார்கள்.

கூட்டாளி முறை ஏன் வேலை செய்கிறது என்பதற்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2016-இல் ஹார்கின் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 138 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள், மொத்தம் ஏறக்குறைய 20,000 பேர். தங்கள் முன்னேற்றத்தை அடிக்கடி கவனித்துப் பார்க்கும்படி தூண்டப்பட்டவர்கள் இலக்கை எட்டுவது கூடியது. கவனித்ததை எழுதி வைத்தாலோ அடுத்தவருக்குத் தெரியும்படி அறிவித்தாலோ அந்தப் பலன் இன்னும் கூடியது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, அடிப்படையான வேலையைச் செய்வது கவனித்தல் என்பதுதான். அடுத்தவர் அந்தக் கவனிப்பு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்கிறார். அதாவது கூட்டாளியின் வேலை உற்சாகப்படுத்துவது இல்லை, பதிவு விட்டுப்போகாமல் காப்பது.

இப்படிப் பார்த்தால் எங்கள் ஒப்பந்தத்தில் என்ன ஓட்டை என்பது தெளிவாகும். ஓடினால் மெசேஜ் என்று விதி வைத்தோம், ஓடாத நாளுக்கு விதியே வைக்கவில்லை. ஓடாத நாளில் மௌனம் என்பது அனுமதிக்கப்பட்ட பதிலாக இருந்தது. மௌனம் அனுமதிக்கப்பட்டால், இருவருமே அடுத்தவரைச் சங்கடப்படுத்த விரும்பாத மென்மையான ஆட்களாக இருந்தால், ஒரு மாதத்துக்குள் மௌனம்தான் ஜெயிக்கும்.

இரண்டாவது முறை வேறு ஒருவரோடு தொடங்கியபோது நான்கு விஷயங்களைத் தொடங்கும் முன்பே பேசி எழுதிக்கொண்டோம். ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரவு எட்டு மணிக்குள் ஒரு வரி அனுப்ப வேண்டும், "ஓடினேன், 30 நிமிடம்" அல்லது "ஓடவில்லை". ஓடவில்லை என்றால் காரணம் சொல்லத் தேவையில்லை, அடுத்து எந்த நாள் எந்த நேரம் என்பதை மட்டும் சொல்ல வேண்டும். எட்டு மணிக்குள் எந்த வரியும் வரவில்லை என்றால் மற்றவர் மறுநாள் காலையில் போன் செய்வார், அது நட்புக்கு எதிரான செயல் இல்லை என்று முன்பே ஒப்புக்கொண்டிருந்தோம். கடைசியாக, ஆறு வாரத்தில் ஏற்பாடு தானாக முடிந்துவிடும், தொடர வேண்டுமானால் இருவரும் மறுபடி சொல்ல வேண்டும்.

காரணம் கேட்பதில்லை என்ற விதிதான் இதில் அதிக வேலை செய்தது என்று நினைக்கிறேன். காரணம் சொல்ல ஆரம்பித்தால் அது நல்ல காரணமா என்று அடுத்தவர் தீர்ப்புச் சொல்ல வேண்டிவரும். மென்மையான ஆள் எல்லாக் காரணத்தையும் ஏற்றுக்கொள்வார், கறாரான ஆள் எதையும் ஏற்கமாட்டார், இரண்டுமே உறவைக் கெடுக்கும். "அடுத்து எப்போது" என்ற கேள்வியில் தீர்ப்பு இல்லை. முடிவுத் தேதி வைத்ததும் அப்படித்தான், அது இல்லாவிட்டால் விலக நினைப்பவர் மெல்ல மெல்லக் காணாமல் போவதைத் தவிர வேறு வழி இருக்காது.

நெருங்கிய நண்பரைக் கூட்டாளியாக வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். 1999-இல் விங், ஜெஃப்ரி என்ற இருவர் வெளியிட்ட எடைக்குறைப்பு ஆய்வு ஒன்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. தனியாகச் சேர்ந்து வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 76 சதவீதம் பேர் திட்டத்தை முடித்தார்கள், குறைத்த எடையை முழுவதும் தக்கவைத்தவர்கள் 24 சதவீதம். மூன்று நண்பர்களோடோ குடும்பத்தினரோடோ சேர்ந்து, கூடவே பரஸ்பர ஆதரவுப் பயிற்சியும் பெற்றவர்களில் 95 சதவீதம் பேர் முடித்தார்கள், 66 சதவீதம் பேர் தக்கவைத்தார்கள். பெரிய வித்தியாசம்தான். ஆனால் நண்பர்களோடு வந்தவர்கள் தாங்களாகவே அப்படி வந்தவர்கள், மூன்று பேரைக் கூட்டி வர முடிந்தவர் மற்ற விதங்களிலும் வேறு மாதிரி ஆளாக இருக்கலாம். அதோடு அவர்களுக்கு ஒழுங்கான ஒரு திட்டம் இருந்தது, சந்திப்புகள் இருந்தன. வெறும் நட்பு மட்டும் அந்தப் பலனைக் கொடுத்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. என் அனுபவத்தில் ஓரளவு மட்டும் பழகியவர்தான் நல்ல கூட்டாளி. அவரிடம் பொய் சொல்லக் கூச்சமாக இருக்கும், "பரவாயில்லை" என்று சொல்லும் அளவுக்கு அவருக்கும் நம்மீது உரிமை இருக்காது.

சரி, அக்காவின் கதைக்கு வருகிறேன். அவளுக்கு நடந்ததற்கு உளவியலில் ஒரு பெயர் உண்டு, ரியாக்டன்ஸ். 1966-இல் ஜாக் பிரேம் முன்வைத்த கருத்து அது. தன் சுதந்திரம் பறிபோகிறது என்று ஒருவர் உணர்ந்தால், அதை மீட்டெடுப்பதற்காகவே சொன்னதற்கு எதிராகச் செய்யத் தோன்றும். அது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை. இப்படிப்பட்டவர்களுக்குக் கணக்குக் கேட்கும் ஆள் அறவே வேண்டாம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. யார் தொடங்குகிறார்கள் என்பதை மாற்றிப் பார்க்க வேண்டும். அக்கா தோழியிடம், "நீ கேக்காத, ஞாயித்துக்கிழமை நானே அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு வாரத்தில் படித்த மணிநேரங்களை ஒரு தாளில் தன் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்ப ஆரம்பித்தாள். அடுத்த வார இலக்கை அவளே எழுதுவாள், தோழி பார்த்ததாக ஒரு குறி மட்டும் போடுவாள். ஆள் மாறவில்லை, தேர்வு மாறவில்லை, ஆனால் கேள்வி அறிக்கையாக மாறியதும் அவள் படித்தாள். நீங்கள் இந்த வகை என்றால் தினசரி செக்-இன் உள்ள எந்த ஏற்பாட்டிலும் சேராதீர்கள், அது கூட்டாளியாக இருந்தாலும் குழுவாக இருந்தாலும் கோச்சாக இருந்தாலும் சரி.

இனி குழு. முப்பது நாள் சேலஞ்ச், நூறு நாள் சேலஞ்ச் என்று வருபவை. இவற்றின் பலமும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன, ஒப்பீடு.

1926-இல் ஓட்டோ கோலர் என்ற ஜெர்மன் உளவியலாளர் பெர்லின் படகோட்டும் சங்கம் ஒன்றின் உறுப்பினர்களைத் தனியாகவும் ஜோடியாகவும் எடை தூக்க வைத்தார். ஜோடியாகத் தூக்கும்போது, ஒருவர் விட்டால் மற்றவரும் நிறுத்த வேண்டிவரும் என்ற நிலையில், இருவரில் பலம் குறைந்தவர் தனியாகத் தூக்கியதைவிட நெடுநேரம் தாக்குப்பிடித்தார். இருவருக்கும் இடையே நடுத்தரமான வித்தியாசம் இருந்தபோதுதான் இது நன்றாகத் தெரிந்தது, வித்தியாசம் மிகக் குறைவாகவோ மிக அதிகமாகவோ இருந்தபோது அந்தப் பலன் தேய்ந்தது. மறுபக்கத்தை 2016-இல் ராஜர்ஸ், ஃபெல்லர் இருவரும் காட்டினார்கள். ஓர் இணையவழிப் பாடத்தில் மாணவர்கள் ஒருவர் கட்டுரையை ஒருவர் மதிப்பிட வேண்டும். தற்செயலாக மிகச் சிறந்த கட்டுரைகள் கைக்கு வந்தவர்கள், சராசரிக் கட்டுரைகள் வந்தவர்களைவிட அதிகமாகப் பாடத்தை விட்டு விலகினார்கள். எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள் போலும், நமக்கு இது ஆகாது என்று தோன்றிவிடுகிறது.

ஆகவே ஒரு சேலஞ்சில் சேரும் முன் பார்க்க வேண்டியது அதில் எத்தனை பேர் என்பதையோ என்ன பரிசு என்பதையோ அல்ல. முதல் வாரப் பதிவுகளைப் பாருங்கள், உங்களைவிட ஒரு படி மேலே இருப்பவர்கள் எத்தனை பேர் கண்ணில் படுகிறார்கள் என்று எண்ணுங்கள். ஐந்து நிமிடம் ஓடினால் மூச்சு வாங்குபவர், இருபது கிலோமீட்டர் படங்கள் மட்டுமே வரும் குழுவில் இரண்டு வாரம் தாங்குவது கடினம், அதற்கு அவர் மன உறுதியைக் குறைசொல்லிப் பயனில்லை. அப்புறம், நீங்கள் வராவிட்டால் யாருக்காவது தெரியுமா என்று பாருங்கள். முந்நூறு பேர் குழுவில் ஒருவர் காணாமல் போனால் ஒருவருக்கும் தெரியாது. கோலர் கண்ட விளைவு, என்னால் மற்றவர் நிற்க வேண்டிவரும் என்ற நிலையில் வந்தது, கூட்டத்தில் கரைந்துபோகும் நிலையில் அல்ல. ஐந்தாறு பேர் கொண்ட சிறு அணிகளாகப் பிரித்து, அணியின் மொத்தத்தைக் கணக்கெடுக்கும் சேலஞ்சுகள் இந்த விதத்தில் நல்லவை.

தவறிய நாளில் ஒளிந்துகொள்பவர்களுக்குக் குழு பெரும்பாலும் ஒத்துவராது. என் அலுவலக நண்பர் ஒருவர் தினமும் ஒரு பக்கம் எழுதும் சேலஞ்சில் சேர்ந்தார். முதல் நாளே "இனி நான் எழுத்தாளன்" என்று அறிவித்து, நிறைய வாழ்த்தும் வாங்கினார். பதினொன்றாம் நாள் தவறியது, விடாமல் எழுதிய நாட்களின் தொடர்ச்சி எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பியது, பன்னிரண்டாம் நாள் அவர் அந்தப் பக்கமே போகவில்லை. அந்த அறிவிப்பைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 2009-இல் கோல்விட்சரும் உடன் ஆய்வாளர்களும் செய்த சோதனைகளில், தான் இன்னாராக ஆகப்போகிறேன் என்ற வகை நோக்கத்தை மற்றவர்கள் கவனித்து அங்கீகரித்தபோது, அதற்கான உழைப்பு குறைந்தது. அங்கீகாரமே கொஞ்சம் சாதித்த உணர்வைக் கொடுத்துவிடுகிறது. இது மேலே சொன்ன ஹார்கின் முடிவோடு முரண்படுவதாகத் தோன்றலாம், ஆனால் அங்கே பலன் தந்தது செய்ததை அறிவிப்பது, இங்கே பலனைக் குறைத்தது ஆகப்போவதை அறிவிப்பது. குழுவில் "இன்று அரைப் பக்கம் எழுதினேன்" என்று போடுங்கள், அது போதும்.

தொடர்ச்சி எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு லல்லி என்பவரின் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வு உதவும். 96 பேர் ஒரு புதிய பழக்கத்தைப் பன்னிரண்டு வாரம் தினமும் செய்து பதிந்தார்கள். அது தானாக நடக்கும் நிலைக்கு வர எடுத்த காலம் 18 நாளிலிருந்து 254 நாள் வரை என்று கணக்கிடப்பட்டது, நடு மதிப்பு 66 நாள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. ஒரு நாள் தவறினால் பூஜ்யத்திலிருந்து தொடங்க வைக்கும் சேலஞ்சின் விதிக்கும், பழக்கம் உண்மையில் உருவாகும் விதத்துக்கும் சம்பந்தமில்லை. முப்பது நாளில் சேலஞ்ச் முடியும்போது பலருக்குப் பழக்கம் பாதி வழியில்தான் இருக்கும் என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. முடியும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே, குழுவில் நமக்கு ஒத்துப்போன ஒருவரைப் பிடித்து, அடுத்த ஆறு வாரத்துக்குக் கூட்டாளி ஏற்பாடு செய்துகொள்வதுதான் நான் பார்த்ததில் உருப்படியான வழி.

கோச் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கறாரான கருத்து உண்டு. தினமும் "செஞ்சீங்களா?" என்று கேட்பதற்காக மட்டும் காசு கொடுப்பது வீண். அந்த வேலையை மேலே சொன்ன நான்கு விதிகளோடு ஒரு கூட்டாளி இலவசமாகச் செய்வார். கோச் தேவைப்படுவது, தவறாமல் செய்தும் பலன் வராதவருக்கு, அல்லது ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உடைகிறவருக்கு.

என் இரண்டாவது கூட்டாளி ஏற்பாடு நன்றாகத்தான் ஓடியது. ஆனால் ஐந்தாவது வாரம் கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பில் வலி வந்தது. ஓய்வெடுத்தேன், மறுபடி தொடங்கினேன், ஐந்தாவது வாரம் மறுபடி அதே வலி. கூட்டாளி அவர் பங்கைச் சரியாகச் செய்தார், நான் தவறிய நாளைக் குறித்துக்கொண்டார், அடுத்து எப்போது என்று கேட்டார். ஏன் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பிறகு ஒரு கோச்சிடம் போனேன். அவர் என் ஓட்டப் பதிவுகளைக் கேட்டு வாங்கி, நான்கு நாளும் நான் ஏறக்குறைய ஒரே வேகத்தில், அதுவும் பேச முடியாத அளவு மூச்சு வாங்கும் வேகத்தில் ஓடியிருக்கிறேன், அதோடு வாரா வாரம் தூரத்தையும் ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன் என்று காட்டினார். மூன்று நாளை முழு வாக்கியம் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்துக்கு இறக்கினார், நான்கு வாரத்துக்கு ஒரு வாரம் தூரத்தைக் குறைத்தார். நான் அவருக்குக் கொடுத்த காசு அந்தப் பார்வைக்குத்தான். ஆறாவது வாரம் வலியில்லாமல் கடந்தது.

இதை முன்கூட்டியே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. முதல் சந்திப்பில் கோச் உங்கள் பழைய பதிவுகளையும் கடந்த முறை எங்கே உடைந்தது என்பதையும் கேட்கிறாரா, அல்லது எல்லோருக்கும் கொடுக்கும் திட்டத்தை எடுத்து நீட்டுகிறாரா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் அது கோச்சிங் இல்லை. சான்றிதழ் ஒரு குறிப்பு மட்டும்தான். சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு மூன்று நிலைகளில் சான்று தருகிறது, அவற்றுக்கு முறையே 100, 500, 2,500 மணிநேரக் கோச்சிங் அனுபவம் வேண்டும். ஆனால் அது கேள்வி கேட்டு, சிந்திக்க வைத்து வழிநடத்தும் திறனுக்கான சான்று, ஓட்டமோ எழுத்தோ தேர்வோ அவருக்குத் தெரியும் என்பதற்கு அல்ல. உடைவது மனதளவில் என்றால் அந்தச் சான்று பொருந்தும், நுட்பத்தில் என்றால் அந்தத் துறையைத் தெரிந்தவர் வேண்டும்.

2011-இல் மோர் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்த ஒரு கோட்பாடு இங்கே பயன்படும். ஒருவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற உணர்வு நல்ல விதமாக வேலை செய்ய, அவர் நம்பத்தக்கவர், நம் நன்மையை விரும்புபவர், விஷயம் தெரிந்தவர் என்று நமக்குத் தோன்ற வேண்டும் என்கிறார்கள். தன்னளவிலேயே ஆர்வம் மிகுந்தவருக்கு இந்த ஆதரவு குறைவாகவே தேவைப்படும் என்றும் சொல்கிறார்கள். என் அக்கா அந்த வகைதான். அவளுக்குத் தினசரி கோச் வைத்திருந்தால் இருந்த ஆர்வமும் போயிருக்கும்.

காசைக் கொடுக்கும் முறையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கூர்வில், சோமன் இருவரும் 1998-இல் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் வருகைப் பதிவைப் பார்த்தபோது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பணம் கட்டியவர்கள் கட்டிய உடனே அதிகம் வந்தார்கள், பிறகு படிப்படியாகக் குறைந்தார்கள், அடுத்த முறை கட்டியதும் மறுபடி வந்தார்கள். காசு போன வலி சில வாரம் துரத்துகிறது, பிறகு மறந்துபோகிறது. ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று சொன்னால் மறுத்துவிடுங்கள், மாதாமாதம் கட்டுங்கள். விலகுவதும் எளிது, கட்டியதை மனம் மறக்கும் முன் அடுத்த தவணை வந்துவிடும்.

நான் அந்தக் கோச்சிடம் மூன்று மாதம் இருந்தேன். முதல் மாதம் வாரம் ஒரு முறை பேசினோம், இரண்டாவது மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, மூன்றாவது மாதம் ஒரே ஒரு முறை. கடைசிச் சந்திப்பில் அவர் எனக்குத் திட்டம் எதுவும் தரவில்லை, அடுத்த ஆறு வாரத்துக்கான திட்டத்தை என்னையே எழுதச் சொல்லிவிட்டு, அதில் இரண்டு இடங்களை மட்டும் திருத்தினார். அந்தத் தாளை என் கூட்டாளிக்கு அனுப்பினேன். இரவு எட்டு மணிக்கு ஒரு வரி என்ற பழைய விதி இப்போதும் நடக்கிறது, நேற்று நான் அனுப்பியது "ஓடவில்லை, வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி."